ஸ்கின் சைக்ளிங்: நான்கு இரவுச் சுற்றா, கிழமைக் கணக்கா, அமிலமே இல்லாத ஏணியா?

முதல் இரவு, தோலின் மேலே படிந்திருக்கும் செத்த செல்களை உரித்தெடுக்கும் அமிலம். இரண்டாம் இரவு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு மருந்தான ரெட்டினாய்டு. மூன்றாம் இரவும் நான்காம் இரவும் மாய்ஸ்சரைசர் மட்டும். ஐந்தாம் இரவு மறுபடியும் அமிலம். நியூயார்க் தோல் மருத்துவர் விட்னி போ பெயர் சூட்டிப் பரப்பிய ஸ்கின் சைக்ளிங் முறை இவ்வளவுதான். 2022-ல் டிக்டாக்கில் ஓடியது. இந்தியாவில் டிக்டாக் அதற்கு முன்பே தடையாகிவிட்டதால், இங்கே ரீல்ஸ் வழியாக வந்து சேர்ந்தது.

இதன் அடிப்படை நியாயமானது. அமிலமும் ரெட்டினாய்டும் தனித்தனியாகவே தோலின் மேலடுக்கைச் சற்றுத் தளர்த்துகின்றன. இரண்டையும் தினமும் போட்டால் தோல் எரியும், சிவக்கும், உரியும். நடுவில் ஓய்வு கொடுத்தால் தாங்கும். சிக்கல், இதைக் காலண்டரில் எழுத உட்காரும்போதுதான் தெரியும். சுற்று நான்கு இரவு, வாரம் ஏழு இரவு. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அதனால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: நான்கு இரவுச் சுற்றை அப்படியே உருட்டிக்கொண்டு போவது, கிழமைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது, அமிலத்தையே விட்டுவிட்டு ரெட்டினாய்டை மட்டும் படிப்படியாகக் கூட்டுவது. எது யாருக்கு என்பதுதான் கேள்வி. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை: நம் தோலுக்கு அமில இரவுதான் முதலில் குறைக்க வேண்டியது.

முதலில் உருட்டும் சுற்று. ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். திங்கள் அமிலம், செவ்வாய் ரெட்டினாய்டு, புதன் வியாழன் ஓய்வு, வெள்ளி அமிலம், சனி ரெட்டினாய்டு, ஞாயிறு ஓய்வு. இரண்டாம் வாரம் திங்களும் ஓய்வு. அமிலம் செவ்வாய்க்கும் சனிக்கும் நகர்ந்துவிடும். மூன்றாம் வாரம் புதனுக்கும் ஞாயிறுக்கும். நான்காம் வாரம் வெறும் வியாழன் மட்டும். 28 நாள் கழித்துத்தான் திங்கட்கிழமை மறுபடி அமில இரவாகும். இந்த 28 இரவில் அமிலம் 7, ரெட்டினாய்டு 7, ஓய்வு 14.

இதில் ஒரு வசதி உண்டு. ஒரு இரவு தவறிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது. தவறிய இரவை ஓய்வாக எண்ணிக்கொண்டு, அடுத்த இரவு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு, வாரா வாரம் ஊர் மாறுபவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஒவ்வொரு இரவும் பூசிய பிறகு குறித்து வைக்காவிட்டால், மூன்றாவது வாரத்தில் ‘நேற்று என்ன போட்டோம்’ என்று நின்றுவிடுவோம். நினைவை நம்பி அமிலத்துக்கு மேல் அமிலம் போடுவது அப்படித்தான் நடக்கிறது. சந்தேகம் வந்த இரவு ஓய்வு இரவு என்று விதி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சுற்றில் நான் தயங்கும் இடம் வேறு. அமிலத்துக்கு மறுநாளே ரெட்டினாய்டு வருகிறது. அது திட்டமிட்ட வரிசைதான். மேலே படிந்ததை அகற்றிவிட்டால் ரெட்டினாய்டு நன்றாக உள்ளே இறங்கும் என்பது எண்ணம். நன்றாக இறங்குகிறது, எரிச்சலும் கூடவே இறங்குகிறது. வெளிர் தோலில் எரிச்சல் என்றால் சில நாள் சிவப்பு, பிறகு மறைந்துவிடும். நம் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எரிச்சல் ஆறும்போது அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து கறுப்பாகத் தங்கிவிடுகிறது. பரு போன இடம் கறுத்துக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். கறுப்பைப் போக்க வேண்டும் என்று தொடங்கியவருக்கு, அந்த முயற்சியே புதுக் கறுப்பைத் தரக்கூடும். அது மங்க மாதக் கணக்காகும்.

இரண்டாவது, கிழமைக் கணக்கு. இதில் சுற்று ஓடாது, கிழமை ஓடாமல் நிற்கும். நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது:

திங்கள் – ரெட்டினாய்டு
செவ்வாய், புதன் – ஓய்வு
வியாழன் – ரெட்டினாய்டு
வெள்ளி – ஓய்வு
சனி – அமிலம்
ஞாயிறு – ஓய்வு

வேலை செய்யும் எந்த இரண்டு இரவும் ஒட்டி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அமிலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஓய்வு இரவு இருக்கிறது. 28 இரவில் ரெட்டினாய்டு 8, அமிலம் 4, ஓய்வு 16. அதாவது உருட்டும் சுற்றைவிட ரெட்டினாய்டு ஒன்று கூடுகிறது, அமிலம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, ஓய்வும் கூடுகிறது. தோலில் நீண்டகால மாற்றத்தைக் கொண்டுவருவது ரெட்டினாய்டுதான். அமிலம் தருவது பெரும்பாலும் அன்றைய வழவழப்பும் பளபளப்பும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது நல்ல பேரம்.

கிழமையைப் பிடித்து வைப்பதில் இன்னொரு லாபம், வீட்டு வழக்கங்களோடு மோதாமல் அமைக்க முடிவது. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகத்துக்குக் கடலை மாவோ நலங்கு மாவோ தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாவைத் தேய்ப்பதும் உரித்தல்தான். கையால் உரிக்கிறோம், அவ்வளவே வித்தியாசம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் அதையே வாரத்தின் அமில இரவாக எண்ணிக்கொண்டு சனிக்கிழமை அமிலத்தை எடுத்துவிடலாம். வியாழன் ரெட்டினாய்டை ஒருநாள் முன்னே, புதனுக்கு, தள்ளினால் மாவுக்கு முந்தின இரவும் ஓய்வாகிவிடும். இரண்டும் வேண்டும் என்பவர்கள்தான் பெரும்பாலும் ‘எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்’ என்று வந்து நிற்கிறார்கள்.

குறை என்ன? தவறிய இரவை இதில் பிறகு ஈடுகட்ட முடியாது. திங்கள் தவறினால் செவ்வாய் போடலாமே என்று தோன்றும். போட்டால் வியாழனுக்கு நடுவில் ஒரே ஒரு ஓய்வு இரவு. தாங்கும் தோலுக்கு அதில் பாதகமில்லை, புதிதாகத் தொடங்கியவர் திங்களை விட்டது விட்டதாக இருக்கட்டும் என்று வியாழனுக்குக் காத்திருப்பதே மேல்.

மூன்றாவது வழி ஸ்கின் சைக்ளிங் என்ற பெயருக்குள் கச்சிதமாக அடங்காது. ஆனால் தோல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் செய்துவருவது இதைத்தான். அமிலம் கிடையாது. ரெட்டினாய்டும் ஓய்வும் மட்டும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. அடுத்த இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை ஒன்றுவிட்டு ஒரு இரவு. தாங்கினால் ஒன்பதாம் வாரத்திலிருந்து தினமும். ஓய்வு இரவுகள் படிப்படியாகக் கரைந்துபோகும் காலண்டர் இது.

ஏன் இப்படி ஏற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பருவுக்கு அடாபலீன் என்ற ரெட்டினாய்டின் 0.1% ஜெல் வேலை செய்கிறது என்று காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் அதை இரவில் ஒருமுறை என்று தினமும் 12 வாரம் பூசச் சொல்லியிருக்கிறார்கள். அது 84 இரவு. அதே 12 வாரத்தில் உருட்டும் சுற்று தருவது 21 இரவு. கிழமைக் கணக்கு தருவது 24. மேலே சொன்ன ஏணியில் ஏறினால் சுமார் 52. குறைந்த இரவு போட்டாலும் ஓரளவு பலன் உண்டுதான். ஆனால் தாடையிலும் கன்னத்திலும் விடாமல் பரு வருகிறவர், நான்கு இரவுக்கு ஒருமுறை பூசிவிட்டு ‘மூணு மாசமாச்சு, ஒண்ணும் கேக்கல’ என்று ட்யூபைத் தூக்கி எறிந்தால், குற்றம் மருந்தில் இல்லை. அதோடு, மயிர்த்துளையின் வாயில் செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதை ரெட்டினாய்டே தளர்த்துகிறது. பருவுக்கு என்று தனியாக ஓர் அமில இரவு அவசியம் இல்லை.

ஒரு காலண்டரை முழுதாகப் பார்த்தால் விஷயம் புரியும். கோவையில் வேலை பார்க்கும் என் சித்தி மகள். இருபதுகளின் நடுவில் வயது. எண்ணெய்ப் பசையுள்ள மாநிறத் தோல், தாடை ஓரம் பரு, கன்னத்தில் பழைய பருக்களின் கறுப்பு. 10% கிளைக்காலிக் அமிலமும் அடாபலீன் ஜெல்லும் வாங்கி, உருட்டும் சுற்றை ஒரு திங்கட்கிழமை தொடங்கினாள். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் அ, ரெ, ஓ என்று மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே எழுதிவிட்டாள். ஒழுங்கான பெண், எழுதியபடியே செய்தாள். மூன்றாவது ஞாயிறு பகலில் பார்லரில் மேலுதட்டுக்குத் த்ரெடிங். மேலே காலண்டரை எண்ணிப் பாருங்கள், அந்த ஞாயிறு அமில இரவு. நூல் இழுத்துச் சிவந்திருந்த தோலின் மேல் கிளைக்காலிக் போனது. மறுநாள் மேலுதடு எரிந்து உரிந்தது, பிறகு மீசை வரைந்ததுபோலக் கறுத்தது.

யாருடைய தவறும் இல்லை இதில். கிழமை நகர்ந்துகொண்டே இருக்கும் காலண்டரில், கிழமையோடு கட்டுண்ட ஒரு காரியம் எப்போதாவது மோதத்தான் செய்யும். த்ரெடிங்குக்கு முன் இரண்டு இரவும் பின் இரண்டு இரவும் அந்தப் பகுதியில் அமிலமோ ரெட்டினாய்டோ வேண்டாம். முகத்தில் வேக்சிங் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நூல் முடியை மட்டும் பிடித்து இழுக்கும், மெழுகு ரெட்டினாய்டால் மெலிந்த மேல் தோலையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ப்ளீச், ஃபேஷியல் எல்லாம் இதே கணக்குத்தான். ஆகவே காலண்டரில் முதலில் எழுத வேண்டியது பார்லர் தேதி. அதைச் சுற்றி ‘ஓ’ போட்டுவிட்டு மிச்சக் கட்டங்களில்தான் மருந்து.

அவளுக்கு நான் சொன்னது ஏணியை. “அமிலத்தை விட்டுட்டா இந்தக் கறுப்பு எப்படிக்கா போகும்?” என்று கேட்டாள். புதுப் பரு நின்றால் புதுக் கறுப்பு நிற்கும். பழையதை ரெட்டினாய்டும் சன்ஸ்கிரீனும் மெல்ல மங்க வைக்கும். ஸ்கூட்டரில் போய் வரும் பெண், காலையில் சன்ஸ்கிரீன் போடவில்லை என்றால் எந்தக் காலண்டரும் வீண். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கறுப்போ மங்கோ உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. நம் தோலைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு, நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

எரிந்த மேலுதடு ஆறும்வரை எதுவும் போடாமல் இருந்துவிட்டு, ஏணியின் முதல் படியில் தொடங்கினாள். பூசும் முறையையும் மாற்றினோம். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதல்ல, நெற்றி, கன்னம், தாடை என்று பிரித்து வைத்துப் பரப்புவது. கண் இமை, மூக்கின் ஓரம், வாயின் கோடிகள் ஆகிய இடங்களில் முதலிலேயே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் ஜெல் அங்கே தேங்காது. எரிச்சல் வந்தால் மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு, அதன் மேல் ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர். வீரியம் சற்றுக் குறையும், ஆனால் நிறுத்தாமல் போகலாம்.

காலண்டரைவிட முக்கியமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: ‘ரெட்டினாய்டு இரவு’ என்று எழுதும் ட்யூபில் என்ன இருக்கிறது? காஸ்மெட்டிக் கடையில் கிடைக்கும் ரெட்டினால் மென்மையானது. தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் ரெட்டினாயிக் அமிலமாகிறது. அடாபலீனுக்கு அந்த மாற்றம் தேவையில்லை, வெளிச்சத்திலும் எளிதில் கெடாது. ட்ரெட்டினாயின் என்பது ரெட்டினாயிக் அமிலமேதான். மூன்றிலும் எரிச்சல் கூடியது இது, மருத்துவர் எழுதிக்கொடுத்துப் பயன்படுத்த வேண்டியது. இவை மூன்றும் சரி. சிக்கல் நான்காவது வகை. மங்குக்கும் நிறத்துக்கும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் ட்ரெட்டினாயினோடு நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். பூசினால் எரிச்சல் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். முகம் பளிச்சென்று ஆகும். அதை வருடக்கணக்கில் சுற்றுப்போட்டுப் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, நிறுத்தியதும் பரு கொப்பளிக்கும். ட்யூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘சோன்’ என்று முடியும் பெயர் இருந்தால், அது ஸ்கின் சைக்ளிங்குக்கு உரியது அல்ல. அதை ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர் தானாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போவது நல்லது.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் ரெட்டினாய்டு இரவை முற்றாக நீக்கிவிட வேண்டும். அசெலாயிக் அமிலத்தை அந்த இடத்தில் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

அமில இரவு வேண்டும் என்பவர்கள் எந்த அமிலம் என்பதில் கொஞ்சம் யோசிக்கலாம். கிளைக்காலிக் மூலக்கூறு சிறியது, வேகமாக இறங்கும், எரிச்சலும் அதற்கேற்ப. லாக்டிக் சற்றுச் சாந்தம். மாண்டலிக் இன்னும் பெரியது, மெதுவாக இறங்கும். நம் நிறத் தோலில் தொடங்க அதைத்தான் சொல்வேன். எண்ணெய் வழியும், மூக்கில் கரும்புள்ளி உள்ள தோலுக்கு எண்ணெயில் கரையும் 2% சாலிசிலிக். உங்கள் ஃபேஸ்வாஷிலேயே சாலிசிலிக் இருந்தால், ஓய்வு இரவு என்று எழுதியிருக்கும் நாட்களிலும் அமிலம் போகிறது என்று பொருள். ஓய்வு இரவின் ஃபேஸ்வாஷ் சாதாரணமாக இருக்கட்டும். அதன் மேல் கிளிசரினும் செராமைடும் உள்ள மாய்ஸ்சரைசர் போதும். சென்னைப் புழுக்கத்துக்குக் கனமான க்ரீம் வேண்டாம், ஜெல் க்ரீமே தாங்கும். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்துக்கு ஆகாது, உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் தோலுக்கு அதிகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய சோதனை, ஓய்வு இரவில் போடும் வழக்கமான மாய்ஸ்சரைசர். அது சுரீர் என்றால் தோலின் அரண் உடைந்திருக்கிறது. வெறும் தண்ணீரே எரிந்தால் இன்னும் மோசம். முகம் இறுகிக்கொண்டு, எண்ணெய் இல்லாமலேயே பிளாஸ்டிக் போலப் பளபளப்பதும் அதே அறிகுறி. இதைப் பலர் ‘க்ளோ’ என்று நினைத்து மகிழ்கிறார்கள். அப்படியானால் இரண்டையும் நிறுத்துங்கள். மாய்ஸ்சரைசர் எரியாமல் போகும்வரை, வழக்கமாக ஓரிரு வாரம், எல்லாக் கட்டமும் ‘ஓ’. பிறகு ரெட்டினாய்டு மட்டும் வாரம் இரண்டு இரவு. அது ஒரு மாதம் அமைதியாகப் போனபின்தான் அமிலம்.

ரெட்டினாய்டு தொடங்கிய முதல் வாரங்களில் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வருவது வேறு. உள்ளே உருவாகிக்கொண்டிருந்தவை சீக்கிரம் மேலே வருகின்றன, ஆறு முதல் எட்டு வாரத்தில் அடங்கும். பரு ஒருபோதும் வராத இடத்தில் அரிப்போடும் எரிச்சலோடும் சின்னச் சின்னதாகப் பொரிந்தால் அது அந்த வகை அல்ல.

இனி யாருக்கு எது. பரு முக்கியப் பிரச்சினை என்றால் ஏணி. பரு அதிகம் இல்லை, சொரசொரப்பும் மங்கலும் லேசான சுருக்கமும்தான் கவலை என்றால் கிழமைக் கணக்கு. முப்பது, நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கும் பெரும்பாலோர் இதில்தான் நெடுநாள் நிற்கிறார்கள். உருட்டும் சுற்றை, ஏற்கெனவே ரெட்டினாலைச் சில மாதம் பூசிப் பழகி, எளிதில் கறுக்காத, எண்ணெய்ப் பசையுள்ள தோல்காரர்களுக்கு ஒதுக்குவேன். அவர்களும் முதல் மாதம் அமிலத்துக்கும் ரெட்டினாய்டுக்கும் நடுவில் ஓய்வு இரவுகளில் ஒன்றை நுழைத்து, அமிலம், ஓய்வு, ரெட்டினாய்டு, ஓய்வு என்று மாற்றிக்கொண்டால் எண்ணிக்கை குறையாது, எரிச்சல் குறையும். ஏற்கெனவே முகம் எரிந்துகொண்டிருப்பவர், அரிப்புள்ள எக்ஸிமா உள்ளவர், மங்குக்கு மருத்துவம் எடுப்பவர் மூன்றில் எதையும் தானாகத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் கல்யாணம் இருந்தால் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் படியில் தொடங்க மூன்று மாதமாவது முன்னால். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதுவும் சேர்க்காமல், படியும் ஏறாமல் இருக்க வேண்டும். கடைசி ஒரு வாரம், முகத்தில் வேக்சிங்கும் நலங்கும் இருக்கும் என்பதால், எல்லாக் கட்டத்திலும் ‘ஓ’. கல்யாணம் முடிந்து முகம் அமைதியான பிறகு, விட்ட படிக்கு ஒரு படி கீழிருந்து தொடரலாம்.